ஐட்லிங் ஸ்டாப்பும் ஸ்மார்ட் கீயும்: இரண்டும் ஒரே நேரத்தில் முரண்டு பிடித்தால்

கேள்வி: எட்டு மாசத்துக்கு முன்னாடி 160 சிசி ஸ்கூட்டர் எடுத்தேன். ஐட்லிங் ஸ்டாப், ஸ்மார்ட் கீ ரெண்டும் இருக்கு. சில நாள் சிக்னல்ல எஞ்சின் தானா நிக்குது, சில நாள் நிக்கவே மாட்டேங்குது. போன வாரம் காலையில குமிழை அழுத்தினா ஒண்ணுமே ஆகல, சாவி பையிலதான் இருந்துச்சு. கடையில “ஐட்லிங் ஸ்டாப்பை ஆஃப் பண்ணி வைங்க, அதுதான் பேட்டரியைத் தின்னுது”ன்னு சொல்றாங்க. நெசமா? இது சாவிப் பிரச்சினையா, பேட்டரிப் பிரச்சினையா?

பதில்: பெரும்பாலும் பேட்டரிதான். ஆனால் அதைத் தின்றது ஐட்லிங் ஸ்டாப்தானா என்பது வேறு கேள்வி. நீங்கள் தனித்தனியாகச் சொன்ன இரண்டு புகாரில் முதலாவது இரண்டாவதற்கு முன்னறிவிப்பு என்றே எனக்குப் படுகிறது. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் பல வருஷம் வண்டிகளின் மின்சார வேலை பார்த்தவன் நான். இந்தக் கதையை இதே வரிசையில் பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில் சிக்னலில் எஞ்சின் நிற்பது நிற்கும், பிறகு ஒரு திங்கட்கிழமை காலை சாவி “கெட்டுப்போகும்”.

ஐட்லிங் ஸ்டாப் எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வண்டி நின்றவுடன் எஞ்சினை அணைத்துவிடும் முரட்டு அமைப்பு இல்லை இது. எஞ்சின் போதுமான அளவு சூடாகியிருக்க வேண்டும். கிளப்பிய பிறகு வண்டி ஒரு தடவையாவது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டிருக்க வேண்டும், சக்கரம் நின்றிருக்க வேண்டும். அப்புறம் எல்லாரும் மறந்துவிடும் நிபந்தனை ஒன்று உண்டு: பேட்டரியில் தெம்பு இருக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்ப முடியாமல் நடுச்சாலையில் உங்களை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக, பேட்டரியின் நிலை சரியில்லை என்று தோன்றினால் கணினி ஐட்லிங் ஸ்டாப்பையே கைவிட்டுவிடும். சத்தமில்லாமல்தான் செய்யும், எச்சரிக்கை எதுவும் வராது. மீட்டரில் ‘ஏ’ எழுத்தோடு இருக்கும் பச்சை விளக்கு எரியாது, அவ்வளவுதான்.

அந்த விளக்கைக் கவனிக்கிறவர்கள் குறைவு. எல்லா நிபந்தனையும் கூடிவந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நிலையாக எரியும். சிக்னலில் எஞ்சின் அணைந்தபின் மினுக்கும். அரை மணி நேரம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும், சுவிட்ச் ஆனில் இருந்தும், அந்த விளக்கு எரியவில்லை என்றால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சிங்கப்பூர் வெயிலில் எஞ்சின் சூடாகவில்லை என்ற சாக்கு ஐந்து, பத்து நிமிஷத்துக்கு மேல் செல்லாது.

சரி, கடைக்காரர் சொன்னதில் உண்மை எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த ரக வண்டிகளில் பழைய பாணி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. கிராங்க்ஷாஃப்டிலேயே உட்கார்ந்திருக்கும் மின்னாக்கிதான் ஸ்டார்ட்டராகவும் வேலை செய்கிறது. அதனால்தான் “கர்ர்ர்” என்ற பல் கடிக்கும் சத்தம் இல்லாமல் எஞ்சின் எழுந்துவிடுகிறது. சில வண்டிகளில் கிராங்கைக் கொஞ்சம் பின்னால் சுழற்றி வைத்துக்கொண்டு, ஓடிவந்து தாண்டுவது போல முன்னால் உந்தும். அரை வினாடிக்குள் வேலை முடிந்துவிடும். அந்த அரை வினாடிக்கு 60 ஆம்பியர் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 30 ஆம்பியர்-வினாடி. இப்போது காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். எஞ்சின் நின்றாலும் ஹெட்லைட், டெயில் லைட், மீட்டர், கணினி எல்லாம் பேட்டரியில்தான் ஓடுகின்றன. இங்கே பகலிலும் மோட்டார்சைக்கிள் ஹெட்லைட் எரிய வேண்டும், அணைக்க வழியில்லை. எல்லாமாக 3 ஆம்பியர் என்று வைத்தால், 45 வினாடி சிவப்புக்கு 135 ஆம்பியர்-வினாடி. கிளப்புவதைவிடக் காத்திருப்பதுதான் நாலு மடங்குக்கு மேல் செலவு. “அடிக்கடி ஸ்டார்ட் ஆவதால் பேட்டரி போகிறது” என்று எல்லாரும் சொல்வது அந்த அளவில் தவறு.

இரண்டையும் கூட்டினால் ஒரு சிக்னலுக்குச் சுமார் 0.045 ஆம்பியர்-மணி. வேலைக்குப் போகும் வழியில் 12 சிக்னல் என்றால் அரை ஆம்பியர்-மணிக்குக் கொஞ்சம் மேல். இந்த வண்டிகளின் பேட்டரி பொதுவாக 5 முதல் 7 ஆம்பியர்-மணி. வண்டியின் தேவை போக மின்னாக்கி பேட்டரிக்கு 2 ஆம்பியர் கொடுத்தாலும், அரை மணி நேரம் ஓடினால் 1 ஆம்பியர்-மணி திரும்பி வந்துவிடும். ஆகவே நல்ல பேட்டரிக்கு, ஒழுங்காக ஓடும் வண்டிக்கு, ஐட்லிங் ஸ்டாப் பெரிய பாரமே இல்லை. கணக்கு இடிப்பது வேறு இடங்களில்.

ஒன்று, உணவு விநியோகம் செய்கிறவர்களின் ஓட்டம். ஒரு புளோக்கிலிருந்து அடுத்த புளோக்குக்கு ஐந்து நிமிஷம், நிறுத்து, கிளப்பு. கூடவே ஹேண்டில்பாரில் போன் சார்ஜர் நாள் முழுக்க. இரண்டு, உட்லண்ட்ஸ் கடற்பாலம். வெள்ளிக்கிழமை மாலை ஜோகூருக்குப் போகும் மோட்டார்சைக்கிள் வரிசையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தால், எஞ்சின் ஓடும் கொஞ்ச நேரமும் ஐட்லிங்கை ஒட்டிய சுழற்சியிலேயே ஓடுகிறது. அந்தச் சுழற்சியில் மின்னாக்கியிடம் மிச்சம் கிடைப்பது சொற்பம். இந்த இரண்டு இடத்திலும் சுவிட்சைத் தள்ளி ஐட்லிங் ஸ்டாப்பை அணைத்து வைப்பது சரியான யோசனைதான். ஆனால் கடற்பாலத்துக்காக அணைத்ததை வருஷம் முழுக்க அணைத்தே வைத்தால், பேட்டரி இளைப்பதைச் சொல்லும் விளக்கையும் சேர்த்து அணைத்துவிடுகிறீர்கள்.

இனி என் மச்சானின் கதை. உங்களுடையதை உரித்து வைத்தது போல இருக்கும். அவர் வீடு உட்லண்ட்ஸ், வேலை துவாஸ். போக 35 நிமிஷம், வர 35 நிமிஷம், பெரும்பாலும் விரைவுச்சாலை. பேட்டரிக்கு இதைவிட நல்ல ஓட்டம் கிடைக்காது. கையில் இருப்பது கிளாஸ் 2பி உரிமம், 200 சிசி வரைதான், ஆகவே அவரும் இந்த 160 ரகம்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், “பத்து நாளா சிக்னல்ல வண்டி நிக்கிறதே இல்ல மாப்ள, நல்லதாப் போச்சு, எனக்கு அது புடிக்காது” என்றார். நானும் சிரித்துவிட்டு விட்டேன். அது என் தப்பு. அடுத்த வாரக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல், வெள்ளி இரவு நிறுத்திய வண்டியைத் தொடவில்லை. திங்கள் காலை ஏழு மணிக்குப் போன்: சாவி வேலை செய்யவில்லையாம்.

சாவி வேலை செய்தது. ஸ்மார்ட் கீயில் இரண்டு பக்கமும் பேச வேண்டும். நீங்கள் குமிழை அழுத்தியதும் வண்டி தாழ்ந்த அலைவரிசையில் ஒரு கூப்பாடு போடுகிறது. பையிலிருக்கும் சாவி விழித்துக்கொண்டு, வேறு அலைவரிசையில் தன் அடையாளக் குறியைப் பதிலாக அனுப்புகிறது. குறி பொருந்தினால் குமிழைச் சுற்றி வளையம் ஒளிரும், உள்ளே பூட்டு விலகும், அதன் பிறகுதான் குமிழ் திரும்பும். கூப்பாடு போடவும் பூட்டை விலக்கவும் வண்டியின் பேட்டரி வேண்டும். பதில் சொல்ல, சாவிக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி வேண்டும், ஹோண்டாவிலும் யமஹாவிலும் பெரும்பாலும் சிஆர் 2032 தான். இதில் எது செத்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: குமிழ் திரும்பாது. அதனால்தான் எல்லாரும் சாவியைத் திட்டுகிறார்கள்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். முதலில் சாவியின் பொத்தானை ஒரு தடவை லேசாக அழுத்துங்கள். ஹோண்டா சாவியில் பச்சை வந்தால் சாவி விழித்திருக்கிறது. சிவப்பு வந்தால் யாரோ பொத்தானை நீள அழுத்தி அதைத் தூங்க வைத்துவிட்டார்கள் (ஜீன்ஸ் பாக்கெட்டில் இது தானாகவே நடக்கும்), திரும்ப நீள அழுத்தினால் பச்சைக்கு வரும். யமஹாவில் நிறத்துக்குப் பதில் நேரம்: குட்டையாக மின்னினால் விழிப்பு, நீளமாக எரிந்தால் தூக்கம். விளக்கே வரவில்லை என்றால் சாவியின் பேட்டரியை மாற்றுங்கள். சாவி விழித்திருந்தும் குமிழைச் சுற்றி ஒளி வரவில்லை என்றால், சாவியைப் போனிலிருந்தும் சில்லறையிலிருந்தும் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, குமிழுக்கு அருகே கொண்டுபோய் இன்னொரு தடவை அழுத்துங்கள். யமஹாவில் இந்த எல்லை ஹேண்டிலின் நடுவிலிருந்து சுமார் 80 சென்டிமீட்டர்தான், முதுகுப் பைக்குள் ஆழமாகக் கிடந்தாலே தடுமாறும். ஹோண்டாவில் சுமார் 2 மீட்டர். அப்படியும் இருட்டாகவே இருந்தால் அது வண்டியின் பேட்டரி. வளையம் மங்கலாக எரிந்து, உள்ளே “டிக்” என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றால் அதுவும் அதேதான்.

மச்சானின் சாவியில் பச்சை பளிச்சென்று வந்தது, குமிழில் ஒளியே இல்லை. இந்த வண்டிகளில் கிக் ஸ்டார்ட் இல்லை, தள்ளியும் கிளப்ப முடியாது, ஏனென்றால் எஞ்சின் சுழலாமல் கிளட்ச் பிடிக்காது. மாலையில் மல்டிமீட்டரோடு போனேன். பேட்டரியில் 11.4 வோல்ட். சும்மா நிற்கும் நல்ல பேட்டரி 12.7, 12.8 காட்ட வேண்டும். 12.4 என்றாலே இளைத்துவிட்டது என்று அர்த்தம். 12 என்றால் ஏறக்குறைய காலி.

ஏன் காலியானது என்பதுதான் கேள்வி. அவருடைய ஓட்டத்துக்கு ஐட்லிங் ஸ்டாப்பைக் குற்றம் சொல்ல முடியாது, அது பத்து நாளாக வேலையே செய்யவில்லையே! வேறொரு வண்டியின் பேட்டரியோடு இணைத்துக் கிளப்பி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருக்கிப் பார்த்தேன், 14.2 வந்தது. 14-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் மின்னாக்கி நலம். ஆகவே சாப்பாடு ஒழுங்காக வருகிறது, எங்கோ ஒழுகுகிறது. வண்டியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்தேன். இந்த நிலையில் தவறியும் வண்டியைக் கிளப்பக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சில நிமிஷம் காத்திருந்தால் வண்டியின் சொந்தத் தூக்கச் செலவு சில மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். இங்கே 150 மில்லி ஆம்பியரிலேயே நின்றது.

“புதுசா ஏதாவது மாட்டினீங்களா?” என்றேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு கடையில் கேமரா மாட்டியிருந்தார். கடைக்காரர் அதை நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டார், நிறுத்தியிருக்கும்போதும் காவல் காக்குமாம். கணக்கு இதோ: வண்டி நாளுக்கு 22 மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கிறது. 22-ஐ 0.15-ஆல் பெருக்கினால் 3.3 ஆம்பியர்-மணி. பேட்டரியோ 5 ஆம்பியர்-மணி. ஒரு மணிச் சொச்ச ஓட்டத்தில் அதில் பெரும்பங்கு திரும்பி வந்தது, முழுசாக வரவில்லை. அதனால் பேட்டரி பாதி வயிற்றோடு நாட்களைத் தள்ளியது. கணினி அதைப் பார்த்து ஐட்லிங் ஸ்டாப்பை நிறுத்தியது. பிறகு வெள்ளி இரவு ஏழு முதல் திங்கள் காலை ஏழு வரை 60 மணி நேரம், 9 ஆம்பியர்-மணி. இருந்ததே 5.

கேமராவின் வயரை, வண்டி ஆனில் இருந்தால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்புக்கு மாற்றினோம். பேட்டரியை அரை ஆம்பியர் சார்ஜரில் ராத்திரி முழுக்க வைத்தோம். (பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள், கார் சார்ஜரை நேராக மாட்டிச் சமைத்துவிட்டவர்கள் உண்டு.) சார்ஜரிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் வைத்துப் பார்த்தால் 12.7. இரண்டாம் நாளே சிக்னலில் எஞ்சின் நின்றது, மச்சானுக்குத்தான் வருத்தம். ஆனால் ஒரு தடவை இப்படிக் காலியான பேட்டரி முழுத் தெம்புக்கு வருவதில்லை. ஐந்து மாதம் கழித்து விளக்கு மறுபடி அணைந்தது, இந்த முறை புதுப் பேட்டரியே வாங்கிவிட்டார்.

உங்கள் கேள்வியில் இல்லாத இரண்டு விஷயம், சொல்லாமல் விட மனசு வரவில்லை. முதலாவது கொஞ்சம் ஆபத்தானது. ஐட்லிங் ஸ்டாப்பில் எஞ்சின் நின்றிருக்கும்போது வண்டி அணைந்துவிட்டதாக நினைத்து இறங்கி, கார்நிறுத்துமிடத்தில் வலது கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் தள்ளுவார்கள். பிடி கொஞ்சம் திருகினாலும் எஞ்சின் எழுந்து வண்டி முன்னால் பாயும். கால் விரல் போன கதை பார்த்திருக்கிறேன். இறங்கும் முன் குமிழைத் திருப்பி அணையுங்கள். அதே மாதிரி, அம்பு விளக்கு இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப, எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி பார்த்து நிற்கும்போது எனக்கு ஐட்லிங் ஸ்டாப் வேண்டாம். அந்த அரை வினாடித் தயக்கம் வேறெங்கும் பரவாயில்லை, அங்கே பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அது மிச்சம் பிடிக்கும் பெட்ரோலும் அப்படி ஒன்றும் மலையில்லை. சும்மா ஓடும் எஞ்சின் மணிக்குக் கால் லிட்டர் குடிக்கிறது, நாளுக்குக் கால் மணி நேரம் நிற்கிறீர்கள் என்று வைத்தாலும் மாசத்துக்கு ஒன்றரை லிட்டர் சொச்சம், நாலைந்து வெள்ளி.

இரண்டாவது, சாவியைப் பற்றி. சாவி பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நிற்காது, நடுச்சாலையில் நிற்கக் கூடாது என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஐட்லிங் ஸ்டாப்பில் எஞ்சின் அணைந்து எழுவதற்கும் சாவி தேவையில்லை, ஏனென்றால் குமிழ் இன்னும் ஆனில்தான் இருக்கிறது. இதனால் ஏமாந்தவரும் என் மச்சானே. அக்காவை அட்மிரல்டி எம்ஆர்டியில் இறக்கிவிட்டார், சாவி அக்காவின் கைப்பையில். வழியில் எத்தனையோ சிக்னலில் வண்டி நின்று நின்று கிளம்பியது, மீட்டரில் சாவிச் சின்னம் மினுக்கியதை அவர் பார்க்கவில்லை. துவாஸில் வாசலில் அணைத்தார், முடிந்தது கதை. சாயங்காலம் வண்டி அசையவில்லை. அவரைக் காப்பாற்றியது அடையாள எண். புது வண்டியோடு ஒரு சிறிய தகட்டிலோ அட்டையிலோ அந்த எண் வரும். குமிழை அழுத்தி அவசர நிலைக்குப் போய், ஒளி மினுக்குவதை எண்ணி ஒவ்வோர் இலக்கமாக உள்ளே கொடுத்தால் சாவி இல்லாமலே பூட்டு திறக்கும். முறை ஒவ்வொரு வண்டிக்கும் கொஞ்சம் மாறும், கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தகடு வீட்டு அலமாரியில் இருந்தது, மருமகன் எண்ணைப் படமெடுத்து அனுப்பினான். நிறையப் பேர் அதைச் சீட்டுக்கு அடியில் போட்டு வைக்கிறார்கள். சீட்டைத் திறக்கவே சாவி வேண்டும் என்பது அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வரும். அது போக, அந்த எண் வண்டியின் பேட்டரியில்தான் வேலை செய்யும். வண்டியின் பேட்டரியே காலி என்றால் எண்ணும் உதவாது, சீட்டைத் திறக்க அவசர இயந்திரச் சாவிதான் வேண்டும்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். இன்று இரவு நிறுத்திவிட்டு, நாளைக் காலை கிளப்பும் முன் பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். கிளப்பியபின் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து இன்னொரு தடவை பாருங்கள். கேமரா, சார்ஜர், கூடுதல் விளக்கு என்று எதையாவது வெளியே மாட்டியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால், ஒழுகலா, மின்னாக்கியா, பேட்டரியே போய்விட்டதா என்று சொல்லிவிடலாம். எட்டு மாசம்தான் ஆகிறது என்றால் விற்றவரிடம் உத்தரவாதம் பேசும் முன்னும் அந்த எண்கள் உங்கள் கையில் இருப்பது நல்லது.